வரி பொருளிலா, வகையிலா?

சிறிய கஃபேக்கு பில்லிங் மென்பொருள் எடுக்கும்போது, வரி எங்கே பதிகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு ரகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக விகிதம் போட வேண்டும். இன்னொன்றில் ‘பானம்’ என்ற வகைக்கு ஒருமுறை போட்டால் போதும். 60 பொருள் இருக்கும்போது விகிதம் மாறினால், முதலாவதில் 60 திருத்தம். ஒன்று விடுபட்டாலும் சட்டென்று கண்ணில் படாது. அதனால் என் ஓட்டு வகைக்குத்தான். விதிவிலக்கான பொருளுக்கு மட்டும் விகிதத்தை மாற்ற அது இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை பில் போடுங்கள். 5% வரி சேர்த்து விலை 105 என்றால், பில்லில் 100 + 5 வர வேண்டும். 110.25 வந்தால், ‘விலையில் வரி அடக்கம்’ அமைப்பு அணைந்திருக்கிறது.