பத்துக்கு எட்டா, ‘பி’ தரமா: உடுத்திய குர்தியை விற்க எழுதும் குறிப்பு

பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒருவர் வாட்ஸாப் குழுவில் விற்கும் உடுத்திய ஆடையை, ஒயிட்ஃபீல்டில் இருப்பவர் நேரில் பார்த்து வாங்குவதென்றால் போக்குவரத்திலேயே அரை நாள் போய்விடும். ஆகவே படத்தையும் அதன் கீழே எழுதிய நான்கு வரியையும் நம்பித்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அந்த வரிகளை எழுத மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன: பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது, ஏ முதல் டி வரை தரம் பிரிப்பது, தரமே குறிக்காமல் குறைகளை மட்டும் சொல்வது.

இளம்பச்சைப் பருத்திக் குர்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேபிளில் ‘எல்’ என்று இருக்கிறது. இடது அக்குளில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மஞ்சள் கறை. வலப்பக்க வெட்டின் உச்சியில் அரை இஞ்ச் தையல் விட்டிருக்கிறது. வெயிலில் உலர்த்தியதால் தோள் சற்று வெளுத்திருக்கிறது.

மதிப்பெண் முறையில் இதற்கு எளிதாக எட்டு கிடைத்துவிடும், ஏனெனில் மதிப்பெண் என்பது மனத்துக்குள் போடும் சராசரி. துணி நன்றாக இருப்பது கறையை ஈடுகட்டிவிடுகிறது. ஒருவரின் எட்டு இன்னொருவருக்கு ஆறு என்பது தனிச் சிக்கல். தர முறை இதைவிட மேலானது, ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் வரையறை இருந்தால் மட்டுமே. நான் பரிந்துரைப்பது இது: கிட்டத்தில் வைத்துத் தேடினாலும் குறை தெரியாதது ஏ, தேடினால் மட்டும் தெரிவது பி, உடுத்தியிருக்கையில் எதிரில் நிற்பவர் கண்ணில் படுவதோ தைத்துச் சரிசெய்ய வேண்டியதோ சி, வெட்டி வேறொன்றாகத் தைக்க மட்டும் ஆவது டி. ஆடையிலுள்ள மிக மோசமான குறையே தரத்தைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நம் குர்தி சி.

விற்பவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். உண்மையில் தர முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. விட்டுப்போன தையலைத் தையற்காரர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். வியர்வையும், வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளிலுள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து படிந்த அக்குள் கறையோ நாள்பட்டுவிட்டால் எளிதில் போகாது. ‘சி’ என்ற ஓரெழுத்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால் தரத்துக்குக் கீழே குறை எது, எங்கே, எவ்வளவு பெரிது, சரிசெய்யக்கூடியதா என்று ஒரு வரி வேண்டும். குறைகளை மட்டும் அடுக்கும் மூன்றாம் முறையில் நேர்மை உண்டு, ஆனால் இழுபட்ட ஒரு நூலும் பெரிய கறையும் ஒரே எடையில் நிற்பதால், இருபது ஆடைகளைப் புரட்டுபவருக்குச் சலித்தெடுக்க வழியில்லை.

வெளுப்பைக் கண்டறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. குர்தியைப் புரட்டி, உள்தையலில் மடிந்திருக்கும் துணியின் நிறத்தைத் தோள்பட்டையின் நிறத்தோடு சன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். மடிப்புக்குள் வெயில் படாததால் ஏறக்குறைய பழைய நிறம் அங்கே அப்படியே இருக்கும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெளுப்பும் மறையும், கறையும் மறையும்.

அளவில் ‘எல்’ என்பது கடைக்குக் கடை மாறும். ‘38 மார்புக்குச் சரியாக இருக்கும்’ என்பதோ எவ்வளவு தளர்வு பிடிக்கும் என்பது பற்றிய விற்பவரின் ஊகம். ஆடையையே அளந்து எழுதுவதுதான் உறுதியானது. பொத்தானிட்டு, சுருக்கம் நீக்கி, இழுக்காமல் தரையில் விரித்து, கைக்குழிக்குச் சற்றுக் கீழே தையலிலிருந்து தையல்வரை டேப்பை வைக்க வேண்டும். நம் குர்தியில் அது 20.5 இஞ்ச். வெறும் 20.5 என்று போட்டால் குழப்பம் வரும். ‘விரித்த அளவு 20.5, சுற்று 41’ என்று இரண்டையும் எழுதுவது நல்லது. தோள் 15, கை 17, நீளம் 44 என்று சேர்த்தால் போதும். வாங்குபவர் தமக்குப் பொருந்தும் குர்தி ஒன்றை இதே போல் விரித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்வார். இழுபடும் டீ-ஷர்ட்டை அதே வகை டீ-ஷர்ட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, ‘உள்ளே துணி விட்டிருக்கிறதா?’ என்பது. இரு பக்கத் தையல்களிலும் முன்துணி, பின்துணி ஒவ்வொன்றிலும் அரை இஞ்ச் பிரிக்க இடமிருந்தால் சுற்று 2 இஞ்ச் கூடும். ஆனால் வெளுத்த துணியைப் பிரித்தால் உள்ளிருந்து வரும் பட்டை நிறம் மாறித் தெரியும். பழைய ஊசித்துளைகளும் இருக்கும். விற்பவர் துணி இருப்பதைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டுப்புடவைக்கு மட்டும் தரம் பார்க்கும் வரிசை மாறுகிறது. அதை மடிப்புக் கோடு மடிப்புக் கோடாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே எழுத்தைத் தீர்மானிக்க வேண்டும். மடிப்புகளில் இழை விட்டிருந்தால், சரிகை எவ்வளவு பளபளத்தாலும் அது டி.