சேஞ்ச் ஆர்டர் பதிவேடு: இரண்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

மணலி பக்கம் கிடங்கு கட்டும் வேலைகளில் பில்லிங் பார்க்கிறேன். சேஞ்ச் ஆர்டர் எனப்படும் கூடுதல் வேலைகளையும் அவற்றுக்கு வந்த ஒப்புதல் மின்னஞ்சல்களையும் இரண்டு வருடமாக ஒரே எக்செல் தாளில் பதிகிறேன். ஒரு வேலைக்கு ஒரு வரி: யார் சொன்னது, மின்னஞ்சலின் தலைப்பு, ஒப்புதல் தேதி, ஜி.எஸ்.டி. சேர்க்காத தொகை, கூடும் நாட்கள்.

தொடக்கத்தில் ‘ஒப்புதல்’ என்று குறித்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே போகும் சாதாரணக் கூட்டலைத்தான் வைத்திருந்தேன். அது தவறு என்று 2.40 கோடி ரூபாய், 180 நாள் ஒப்பந்தம் ஒன்றில் புரிந்தது. ஜனவரியில் பிளிந்த் உயர்த்த 6,20,000 ரூபாய்க்கு ஒப்புதல் வந்தது. அடுத்த வரி மழைநீர் வடிகால், 3,85,000. அதற்கு சைட் இன்ஜினியர் “நோட்டட், ப்ரொசீட்” என்று மின்னஞ்சல் அனுப்பினார், நாங்களும் வேலையை முடித்துவிட்டோம். ஆனால் ஒப்பந்தப்படி ஒப்புதல் தரும் அதிகாரம் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு மட்டும்தான். அவரிடமிருந்து கடிதம் வர ஏப்ரல் ஆயிற்று, அதுவரை அந்தப் பணம் நின்றது. இடையில் பிப்ரவரியில் ஒரு ஷட்டரை நீக்கியதால் 1,10,000 குறைந்தது.

பிப்ரவரி அறிக்கையில் மொத்தக் கூடுதல் 5,10,000 என்று அனுப்பியிருந்தேன். ஏப்ரலில் வடிகால் வரியை ஒப்புதல் என்று மாற்றியதும் அதே பிப்ரவரி வரி 8,95,000 காட்டியது. வாடிக்கையாளர் தரப்பில் “கணக்கை மாத்திட்டீங்களா?” என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் வரிசையை விட்டுவிட்டு ஒப்புதல் தேதியை வைத்துக் கூட்டினேன். E தேதி, F தொகை:

```
=IF(E2="","",SUMIFS(F:F,E:E,"<="&E2))
```

தேதி இல்லாத வரி கூட்டலில் சேராது. பிப்ரவரி எண் 5,10,000 ஆகவே நிற்கும், ஏப்ரல் வரியில்தான் 8,95,000 வரும். தேதியை நிரப்பும் முன் அனுப்பியவரின் பதவியை ஒப்பந்தத்தோடு ஒத்துப்பார்க்கிறேன். மின்னஞ்சலை ஸ்க்ரீன்ஷாட்டாக இல்லாமல் முழுக் கோப்பாகச் சேமிக்கிறேன், அனுப்பியவரும் நேரமும் அதில்தான் அப்படியே இருக்கும்.

நாட்களுக்கு மட்டும் இந்தச் சூத்திரம் போதாது. பிளிந்துக்கு 8 நாள், வடிகாலுக்கு 6 நாள். கூட்டினால் 14. ஆனால் 4 நாள் இரண்டு வேலையும் ஒன்றாக நடந்தன, அதனால் முடிவுத் தேதி உண்மையில் 10 நாள்தான் தள்ளியது. 14 என்று கேட்டிருந்தால் வேலை அட்டவணையைப் பார்த்ததும் நிராகரித்திருப்பார்கள், மற்ற எண்கள் மீதும் சந்தேகம் வந்திருக்கும். அதனால் ‘நிகர நாள்’ என்று தனிப் பத்தி வைத்து, அட்டவணையில் பார்த்துக் கையால் எழுதுகிறேன்.

இன்னும் தீராத குறை, தாளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான். இப்போதைக்கு ஒவ்வொரு ஆர்.ஏ. பில்லோடும் அன்றைய நிலையை பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன்.