ரீடிங் நகர்கிறதா? விளக்கை மாற்றுவதா, ஃப்ளோ செல்லைக் கழுவுவதா?

ரத்தப் பரிசோதனைக்கான செமி ஆட்டோ அனலைசரில் ரீடிங் நிற்காமல் நகர்ந்தால் பலரும் முதலில் புது விளக்குதான் கேட்கிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் சூடேற விட்டு, டிஸ்டில்டு வாட்டரில் பூஜ்யம் வைத்து, 340, 546 நானோமீட்டர் இரண்டிலும் பத்து நிமிடம் பாருங்கள்.

340-இல் மட்டும் அப்சார்பன்ஸ் 0.030 வரை ஏறி, 546-இல் அசையாமல் நின்றால் சந்தேகம் விளக்கின் மேல். ஹாலஜன் விளக்கு தளரும்போது புற ஊதாப் பக்கம்தான் முதலில் அடிவாங்கும். நிமிடத்துக்கு 0.003 என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் 1768 ஃபேக்டரில் பெருக்கினால் எஸ்ஜிபிடி சுமார் 5 யூனிட் குறைந்துவிடும்.

இரண்டிலும் சேர்ந்து தாவினால் செல்லில் குமிழியோ படிந்த புரதமோ இருக்கலாம். செல்லைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். நகர்வு நின்றால் குற்றவாளி செல்தான்.

செலவு: கழுவ நீர்த்த ஹைப்போகுளோரைட் போதும், விளக்குக்குக் காசு, கூரியர், காத்திருப்பு.

நேரம்: கழுவல் கால் மணி. விளக்கு மாற்றினால் மறுபடி சூடேற்றி, காலிப்ரேஷன், கண்ட்ரோல் எல்லாம் ஓட்ட வேண்டும். விளக்கின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது.

கவனம்: ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தால் அடுத்த ரீடிங்கே கெடும், நன்றாக அலசுங்கள்.

ஆக, காலையில் நோயாளிகள் காத்திருந்தால் கழுவல். 340 மட்டும் தொடர்ந்து நகர்ந்தால் விளக்கு. புது விளக்கிலும் நகர்ந்தால் மின்னழுத்தத்தைச் சோதிக்க சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.