மயில் நீலத்துக்கு எது சரி: டெவலப்பர் சாயமா, டைரக்ட் டையா?

பாளையங்கோட்டையில் பார்லர் வைத்திருக்கும் என்னிடம் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, டெவலப்பர் இல்லாமலேயே நீலம் வருமாமே, அப்போ முடி கெடாதுல்ல?" கேள்வியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, முடி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடையில் பெட்டியில் வரும் நிரந்தரச் சாயத்தை முதலில் பார்ப்போம். அந்த ட்யூபில் இருப்பது பெரும்பாலும் இன்னும் நிறமாக மாறாத சின்னச் சின்ன மூலக்கூறுகள். பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லும் பொருள் அவற்றில் ஒன்று. அம்மோனியா முடியை உப்ப வைத்து, செதில் செதிலாக மேலே படிந்திருக்கும் க்யூட்டிகிளைத் தூக்குகிறது. சின்ன மூலக்கூறுகள் அந்த இடைவெளியில் நுழைந்து உள்ளே இருக்கும் கார்ட்டெக்ஸுக்குப் போகின்றன. சாயத்தோடு கலந்து பூசும் டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு அங்கே அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பெரிய நிற மூலக்கூறாக ஆக்குகிறது. நுழைந்தபோது சிறிது, இப்போது பெரிது. வந்த வழியில் எளிதாகத் திரும்ப முடியாது. அதனால்தான் அது நிற்கிறது. பெராக்ஸைடுக்கு இன்னொரு வேலையும் உண்டு: முடியின் சொந்தக் கறுப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்வது.

டைரக்ட் டையில் இந்தக் கதையே கிடையாது. டப்பாவைத் திறந்ததும் தெரியும் நீலம்தான் முடியில் ஏறப்போகும் நீலம். உருவாக்குவதற்கு எதுவும் பாக்கி இல்லை, ஆகவே டெவலப்பருக்கு வேலையும் இல்லை. பளிச்சென்ற நிறங்கள் பலவற்றில் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். லேபிளில் 'பேசிக் ப்ளூ 99', 'பேசிக் ரெட் 51' என்று போட்டிருப்பார்கள். முடியின் மேற்பரப்பு வழக்கமான நிலையில் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கண்டிஷனர் முடியில் ஒட்டுவதும் இதே கணக்கில்தான். மூலக்கூறு பெரிது, க்யூட்டிகிளைத் தூக்க அம்மோனியாவும் இல்லை, ஒட்ட வேண்டிய இடமும் வெளியிலேயே கிடைத்துவிடுகிறது. பிறகு அது ஏன் உள்ளே போகப்போகிறது?

'ஹெச்சி' என்று தொடங்கும் பெயருள்ள சில சாயங்கள் மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறுகள். அவை கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் அங்கே வளர்ந்து பெரிதாவதில்லை என்பதால் போன வழியிலேயே திரும்பி வந்துவிடும்.

சரி, கறுப்பு முடியில் நேராகப் பூசினால்? பத்தமடைப் பாயில் சிவப்பும் பச்சையும் எடுப்பாகத் தெரிவது கோரை வெளிறியதாக இருப்பதால்தான். கன்னங்கரேல் கோரையில் அதே சாயம் போன இடம் தெரியாது. டைரக்ட் டை ஒளி ஊடுருவும் படலம். அதற்குக் கறுப்பை வெளுக்கும் சக்தி துளியும் இல்லை. நம் ஊர் முடியில் பூசிக் கழுவினால் நல்ல வெயிலில் நின்று பார்த்தால் ஒரு நீலச் சாயல் தெரியலாம். பெட்டியில் வரும் 'நீலக் கறுப்பு' நிரந்தரச் சாயமும் ஏறக்குறைய அதையேதான் தரும், கூடுதல் நாள் நிற்கும். மயில் நீலம் இரண்டிலுமே வராது.

இதற்குச் சிலர் கண்டுபிடித்த குறுக்குவழி, டைரக்ட் டையிலேயே டெவலப்பரைக் கலப்பது. நான் இதற்குச் சம்மதிப்பதில்லை. பெராக்ஸைடைத் தாங்கும் சில சாயங்கள் உண்டு, அவற்றை வைத்துத் தயாரிப்புகளும் வருகின்றன. ஆனால் எல்லாச் சாயமும் அப்படித் தாங்காது; நிறம் செத்துவிடும், மயில் நீலம் வருமளவுக்கு முடியும் வெளுத்திருக்காது. இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்வதுதான் முறை.

முதுகு வரை கூந்தல் உள்ள ஒரு பெண், நுனியில் அரையடிக்கு மட்டும் மயில் நீலம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை ப்ளீச். பொடி ஒரு பங்கு, 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீதப் பெராக்ஸைடு, இரண்டு பங்கு. முதல் சுற்றில் நம் முடி ஆரஞ்சில்தான் வந்து நிற்கும். அந்த ஆரஞ்சின் மேல் நீலம் பூசினால் சேற்று நிறம்தான் கிடைக்கும். ஓரிரு வாரம் விட்டு, முடி தாங்கும் நிலையில் இருந்தால் இன்னொரு சுற்று. வெளிர் மஞ்சள் வந்ததும் நிறுத்தலாம். நனைத்து இழுக்கும்போது ரப்பர் மாதிரி நீண்டால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆக, டெவலப்பர் இல்லாத நிறம் என்று நாம் சொல்வதற்கு முன்னால் டெவலப்பர் இரண்டு முறை வந்து போய்விட்டது.

ப்ளீச் செய்ததில் ஒரு லாபமும் உண்டு. பெராக்ஸைடு முடியின் கந்தகப் பிணைப்புகள் சிலவற்றை உடைத்து அங்கே புதிய எதிர்மின்னூட்ட இடங்களை உண்டாக்குகிறது. அதனால் ப்ளீச் செய்த நுனி, செய்யாத வேரைவிட டைரக்ட் டையை நன்றாகப் பிடிக்கும்.

சாயத்துக்கு முன் ஷாம்பு மட்டும் போட வேண்டும், கண்டிஷனர் கூடாது. அதுவும் நேர்மின்னூட்டம் கொண்டது, சாயத்துக்கான இடத்தில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். முடியை நன்றாகக் காயவைத்து, சாயத்தைத் தாராளமாகப் பூசி, 30 முதல் 45 நிமிடம் விடலாம். மஞ்சளின் மேல் நீலம் பச்சையாகத் திரும்பும் என்பதால் நான் ஒரு சிட்டிகை ஊதா கலந்து, ஒரு கற்றையில் முதலில் பார்த்துவிடுவேன். வெளிர் நீலம் கேட்டால் வெள்ளைக் கண்டிஷனரில் சாயத்தைக் கரைத்தாலே போதும். நேரம் கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. உள்ளே எந்த வினையும் ஓடவில்லை, இடம் நிரம்பியதும் அது பாட்டுக்கு நின்றுவிடும். பெட்டிச் சாயத்தில் இந்தச் சலுகை கிடையாது. கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும்.

மேலே உட்கார்ந்த சாயத்தின் பலவீனம் அடுத்த குளியலிலேயே தெரியும்: நுரை நீலமாக வரும், வெள்ளைத் துண்டில் கறை படியும், வியர்த்தால் தலையணை உறையிலும். ஷாம்புவில் இருக்கும் எதிர்மின்னூட்ட நுரைப்பொருள் சாயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. நெல்லை வெயிலுக்கு வாரம் மூன்று முறை தலைக்குக் குளிப்பவர்களிடம் ஒரு மாதத்திலேயே நிறம் நன்றாக மங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்தில் நின்றுவிட்டு, எண்ணெய் போக இரண்டு தரம் ஷாம்பு போட்டால் இன்னும் சீக்கிரம். வெந்நீரைத் தவிர்ப்பதும், மங்கும்போது கண்டிஷனரில் கொஞ்சம் நீலம் கலந்து பூசிக்கொள்வதும்தான் தீர்வு. பெட்டிச் சாயத்தில் பெரும்பாலும் வேர் வளர்ந்த இடம்தான் தொந்தரவு.

மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பதால் முழுக்கப் போய்விடும் என்று நினைக்கவும் கூடாது. ப்ளீச் வாங்கி ஓட்டை விழுந்த நுனியில் கொஞ்சம் சாயம் உள்ளேயும் இறங்கும். நீலம் மங்கியபின் பாசிப் பச்சையாக மாதக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் அதனால்தான்.

நரையை மறைக்க வருபவர்களுக்கு நான் டெவலப்பர் சாயத்தைத்தான் சொல்வேன். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்தபிறகு மட்டும். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிப்போகும். பேசிக் வகைச் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்கும் அதே சோதனை.

நேர்முகத் தேர்வு வருகிறது, பழையபடி கறுப்பாக்க வேண்டும் என்று வந்தால் இரண்டு வகைச் சாயத்தையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கும். வெளுத்த நுனியில் கரும்பழுப்பு நிரந்தரச் சாயத்தை நேரே பூசினால், அடியில் கறுப்பு முடிக்கு உள்ள செம்மை இல்லாததால் நிறம் பச்சை கலந்து திட்டுத்திட்டாக விழும், சீக்கிரம் வெளுக்கும். நீலத்தை முடிந்தவரை கழுவி எடுத்துவிட்டு, முதலில் ஆரஞ்சு டைரக்ட் டையை அடித்தளமாகப் பூசி அலசி, அதன் மேல் கரும்பழுப்பு போட்டால் நுனி வேரோடு ஒத்துப்போகும்.