மதியம் வரை தாங்குவது எது: பொடி இட்லியா, சப்பாத்தி ரோலா, பச்சைப்பயறு அடையா?

பள்ளி டிபனைக் காலை ஏழு மணிச் சுவையை வைத்து எடைபோடக் கூடாது. பிள்ளை டப்பாவைத் திறக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆறிய பிறகும் மென்மையாக இருக்கிறதா, வயிறு நிறைகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

நேரம் குறைவு என்றால் பொடி இட்லிதான். மாவு தயாராக இருந்தால் மினி இட்லி எட்டுப் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அதுவரை வேறு வேலை பார்க்கலாம். தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு நல்லெண்ணெயும் பொடியும் புரட்டுங்கள். சூடாகப் புரட்டினால் இட்லி உடைந்து பொடி களியாகிவிடும். இதன் குறை, மாவில் அரிசியின் பங்கே அதிகம். பொடியில் பருப்பையும் எள்ளையும் கூட்டினால் ஓரளவு சரியாகும்.

சப்பாத்தி ரோலைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் இருபது நிமிடமும் அடுப்பை விட்டு நகர முடியாது. இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தேய்ப்பதும் சுடுவதும் காலை வேலைதான். தக்காளியோ வெள்ளரியோ உள்ளே வைத்தால் உப்பில் நீர் விட்டு, மதியத்துக்குள் அடிப்பக்கம் ஊறிக் கிழிந்துவிடும். நீர் வற்ற வதக்கிய கேரட்டும் குடைமிளகாயும் பாதுகாப்பு. பன்னீர் இல்லையென்றால் முட்டைப் பொரியல் அல்லது மசித்த கொண்டைக்கடலை வையுங்கள்.

வார நாள்களுக்கு என் தேர்வு பச்சைப்பயறு அடை. இரவில் அரை கப் பயறு ஊறப்போட்டால் போதும். புளிக்க வைக்கத் தேவையில்லை. காலையில் இஞ்சி, சீரகம், உப்புச் சேர்த்துக் கெட்டியாக அரைத்து வார்க்க, எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். நூறு கிராம் பச்சைப்பயறில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அதில் ஆறு சிறிய அடைகள் வந்தால், இரண்டு அடையில் எட்டு கிராம் கிடைத்துவிடும். ஒரு முட்டையில் இருப்பதைவிட அதிகம்.

அடையின் எதிரி மொறுமொறுப்பு. காலையில் முறுகலாக இருப்பது மதியம் தோல்போல இழுக்கும். ஆகவே அரிசி சேர்க்காமல், துருவிய சுரைக்காயோ கேரட்டோ கலந்து, சற்றுத் தடிமனாக வார்த்து, மிதமான தீயில் மூடி வேகவிடுங்கள். நடுவில் விரலால் அழுத்தும்போது பஞ்சுபோல எழும்ப வேண்டும். குழிந்தே நின்றால் உள்ளே வேகவில்லை. பயறு ஊறவைக்க மறந்துவிட்டால் பாசிப்பருப்பு கைகொடுக்கும்; வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினாலே அரைபடும்.

மூன்றில் எதுவானாலும் ஆவி அடங்கிய பிறகே டப்பாவை மூடுங்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி கொடுத்தனுப்பாதீர்கள். வெயில் நாளில் மதியத்துக்குள் கெட்டுவிடும். அதற்குப் பதில் வறுத்து அரைத்த பொட்டுக்கடலைப் பொடியை எண்ணெயில் குழைத்து வைக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதுவே மாற்று, ஆனால் மற்ற பயறுகளும் ஒத்துக்கொள்கின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.