தலையங்கத்தைத் திருத்தும் இரு வழிகள்

நிறுவனப் பெயரின்றிப் பொதுப்பெயரில் மருந்து எழுதுவதை மருத்துவர்களுக்குக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிமுறைகள் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியாகி, அதே மாதம் 23 அன்று நிறுத்திவைக்கப்பட்டன. அப்போது எங்கள் கிளைச் சங்கச் செய்திமடலுக்கு வந்த தலையங்க வரைவில், “மருத்துவர் சமூகம் இதை ஒருமனதாக நிராகரிக்கிறது, நடைமுறை அறியாத சிலரே ஆதரிக்கிறார்கள்” என்ற வரி இருந்தது. அது உண்மையன்று, பொதுக்குழுவில் ஆதரித்துப் பேசியவர்களில் மூத்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

முதல் வழி, வினைச்சொற்களைத் தளர்த்துவது: “இவ்விதி சில சிரமங்களை ஏற்படுத்தக்கூடும் எனச் சிலர் கருதலாம்.” இதில் யாரும் புண்படமாட்டார்கள், ஆனால் சங்கத்தின் நிலைப்பாடே காணாமல் போகிறது, மாற்றுக் கருத்தினரின் வாதமும் இடம்பெறவில்லை.

இரண்டாம் வழி, முடிவை உறுதியாக வைத்து, “ஒருமனதாக” என்பதை விலக்கி, எதிர்த்தரப்பின் வாதத்தையும் சேர்ப்பது: “தரச் சோதனை வலுப்படும்வரை இக்கட்டாயம் கூடாது என்று பொதுக்குழு பெரும்பான்மையால் தீர்மானித்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மருந்து வாங்கும் நோயாளியின் செலவு இவ்விதியால் குறையும் என்று தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தோர் வாதிட்டனர். அந்தச் சுமை உண்மையானது. எனினும், எந்த நிறுவனத்தின் மருந்து என்ற தெரிவு மருத்துவரிடமிருந்து கடைக்காரரிடம் செல்வதை ஏற்க இயலவில்லை.”

இரண்டாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரே நிபந்தனை: எதிர்த்தரப்பின் வாதத்தை அச்சுக்கு முன் அத்தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டி, “நான் சொன்னது இதுதான்” என்ற ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும்.