அளவுக்கா, அழுக்குக்கா, நேரத்துக்கா? கார் டீடெய்லிங் விலைகள் ஓர் ஒப்பீடு

கார் டீடெய்லிங் கடைகளில் மூன்று விதமாக விலை சொல்கிறார்கள். ஹேட்ச்பேக், செடான், எஸ்.யூ.வி. என்று வண்டி அளவைப் பார்த்து ஒரு விலை, அழுக்கைப் பார்த்து ஒரு விலை, மணிக்கு இவ்வளவு என்று ஒரு விலை. பாலிஷ், வேக்ஸ் போன்ற வெளிப்புற வேலைக்கு அளவை வைத்துச் சொல்வது நியாயம்தான். பரப்பு கூடினால் பொருளும் உழைப்பும் கூடும். உள்ளே சுத்தம் செய்யும்போதுதான் அந்தக் கணக்கு உதைக்கிறது.

ஒரு ஸ்விஃப்ட்டின் பின்சீட்டுத் துணியில் பால் கொட்டி நாலு நாளாகிவிட்டது, தரை கார்பெட் முழுக்க நாய் முடி. பக்கத்தில் ஓர் இன்னோவா, வெறும் தூசுதான். அளவு விலை ஸ்விஃப்ட்டுக்கு 2,000, இன்னோவாவுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னோவாவை நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஸ்விஃப்ட்டுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வேக்குவம் மட்டும் போட்டால் நாய் முடி வராது. ரப்பர் பிரஷ்ஷால் இழுத்து இழுத்துத்தான் எடுக்க வேண்டும். பாலோ துணியோடு நிற்காமல் அடியிலுள்ள ஃபோம் வரை இறங்கியிருக்கும். என்சைம் கிளீனரை ஊறவிட்டு, எக்ஸ்ட்ராக்டரால் உறிஞ்சி, மறுபடி அலசி உறிஞ்ச வேண்டும்.

மணிக்கு 500 என்றால் ஸ்விஃப்ட்டுக்கு 3,500, இன்னோவாவுக்கு 2,000 ஆகிறது. அதாவது அளவு விலையில் இன்னோவாக்காரர் கூடுதலாகக் கொடுக்கிறார். ஸ்விஃப்ட்டில் கடைக்கு நஷ்டம், அதனால் வேலையைச் சுருக்குவார்கள். துணியை மட்டும் துடைத்து வாசனை ஸ்பிரே அடித்தால் வண்டியைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கும்போது தெரியாது. கண்ணாடிகளை ஏற்றி ஒரு மதியம் வெயிலில் நிறுத்துங்கள், ஃபோமில் பால் தங்கியிருந்தால் புளித்த வாடை திரும்பும். மறுநாள் வெள்ளைத் துணியைச் சீட்டில் அழுத்தினால் ஈரம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். முன்சீட்டை நகர்த்தி, அது நகரும் தண்டவாளப் பள்ளத்தில் முடி இருக்கிறதா என்று பார்த்தாலே கைவேலையின் தரம் விளங்கிவிடும்.

மணிக்கணக்கிலும் வம்பு உண்டு. இரண்டு பேர் ஒரு மணி நேரம் செய்தால் அது ஒரு மணியா, இரண்டா? சீட் காயும் நேரத்துக்கும் காசா? இரண்டையும் முன்பே கேட்டுவிட வேண்டும். காயும் நேரத்துக்கு ஆள் உழைப்பு இல்லை, அதற்குக் கூலி கேட்பது தப்பு.

என் தேர்வு, அளவுக்கு ஓர் அடிப்படை விலை, அதன்மேல் அழுக்குக்குத் தனித் தொகை. ஆனால் 'சாதாரணம், நடுத்தரம், அதிகம்' என்று மொட்டையாகப் போட்டிருக்கும் பட்டியலை ஏற்காதீர்கள். நாய் முடிக்கு இவ்வளவு, பால் அல்லது வாந்திக் கறைக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவு, பூஞ்சைக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தில் வாடையும் ஈரமும் தெரியாது. அதனால் வண்டியை நேரில் காட்டி, வேலை தொடங்குமுன் தொகையை எழுதி வாங்குங்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத பழைய கறைக்கு மட்டும் மணிக்கணக்கை ஒத்துக்கொள்வேன், அதுவும் உச்சவரம்பு போட்டு.